ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிகிறதா?

முதலில் இமையைப் பாருங்கள். கண்மணியின் அளவைவிட அதுதான் ஆபத்தைச் சொல்லும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு 1 மி.மீ. வரை வித்தியாசம் இயல்பாகவே உண்டு. பழைய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். அன்றும் இப்படியே இருந்து, வெளிச்சத்திலும் மங்கலிலும் வித்தியாசம் மாறாமல், வலியின்றி இமையும் பார்வையும் சரியாக இருந்தால் அவசரமில்லை. புதிதாக வந்ததென்றால் அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இமை இறங்கி, அதே பக்கக் கண்மணி விரிந்து, தலைவலியோ இரட்டைப் பார்வையோ இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூளை ரத்தக்குழாயில் புடைத்த வீக்கம் கண்ணை அசைக்கும் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அது வெடிக்கும் முன் ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ எடுத்தாக வேண்டும். கண்மணி சுருங்கி, இமை லேசாக இறங்கி, கழுத்து வலித்தாலும் அதே அவசரம்தான். கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தால் பக்கவாதம் வரலாம். கண்மணி சுருங்கியதால் வரும் வித்தியாசம் மங்கலான வெளிச்சத்தில்தான் நன்றாகத் தெரியும்.

தூக்கமின்மையால் இமை இறங்குகிறது என்பார்கள். ஆனால் களைப்பு ஒரு கண்மணியை மட்டும் மாற்றாது. சில சொட்டு மருந்துகளும் நெபுலைசர் புகையும் கண்மணியை விரிக்கும், இமையை இறக்காது. மாத்திரையில் வலி குறைந்தாலும் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். வீக்கமும் கிழிசலும் அங்கேயேதான் இருக்கும்.