'புரிந்துகொள்வர்' என்பதை எப்படிப் பார்ப்பது?

ஆறாம் வகுப்பில் பின்னங்களை ஒப்பிடும் பாடத்துக்கு நான் எழுதிய பாடக்குறிப்பில் மூன்று நோக்கங்கள் இருந்தன. மாணவர்கள் பின்னங்களைப் பற்றி அறிந்துகொள்வர். ஒப்பிடும் முறையைப் புரிந்துகொள்வர். அன்றாட வாழ்வில் பின்னங்களின் பயனை உணர்வர். பாட முடிவில் 3/7, 5/7 போன்ற ஐந்து இணைகளைக் கொடுத்து, பெரியதை வட்டமிடச் சொன்னேன். பெரும்பாலோர் ஐந்துக்கு ஐந்து வாங்கினர்.

மறுநாள் கரும்பலகையில் 3/4, 3/8 என்று எழுதி எது பெரியது என்று கேட்டேன். பாதிக்கு மேற்பட்டோர் 3/8 என்றனர். "நாலை விட எட்டு பெரிசுதானே சார்?" என்று கேட்டவள் முந்தைய நாள் முழு மதிப்பெண் பெற்ற மாணவி.

என் வினாக்களைத் திரும்பப் பார்த்தேன். ஐந்திலும் பகுதி ஒன்றே. தொகுதிகளை முழு எண்களைப் போல ஒப்பிட்டாலே விடை வந்துவிடும். 'புரிந்துகொள்வர்' என்று எழுதியிருந்ததால் எந்த வினாவும் அதற்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றியிருக்கிறது.

இரண்டாவது நோக்கத்தை இப்படி மாற்றினேன்: 'தொகுதி சமமாக உள்ள இரு பின்னங்களில் பெரியதை வட்டமிட்டு, காகிதப் பட்டையை மடித்து அதற்கான காரணத்தைக் காட்டுவர்.' என்ன தரப்படும், மாணவர் என்ன செய்வார், எதை வைத்துச் சரி என்று கொள்வேன் ஆகிய மூன்றும் இதில் இருக்கின்றன. மதிப்பீடும் அதிலிருந்தே கிடைத்தது. ஆளுக்கு ஒரே நீளமுள்ள இரண்டு பட்டைகள். ஒன்றை நான்காகவும் மற்றொன்றை எட்டாகவும் மடித்து, ஒவ்வொன்றிலும் மூன்று பாகங்களுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். (ஐந்தாக, ஏழாக மடிப்பது குழந்தைகளுக்குக் கடினம், பாகங்கள் சமமாக வராவிட்டால் ஒப்பீடே தவறிவிடும்.) எட்டில் ஒரு பாகம் சிறியது என்பதை அந்த மாணவி விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

முதல் நோக்கத்தை நீக்கினேன். அதில் சோதிக்க எதுவும் இல்லை. 'உணர்வர்' என்பதையும் நீக்கினேன். நாற்பது நிமிடப் பாடவேளையில் அதைப் பார்க்க என்னிடம் வழியில்லை. எழுதி வைத்தால் குறிப்பேடு நிறையும், அவ்வளவுதான்.

ஆனால் வினைச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. முதலில் 'காரணத்தைக் கூறுவர்' என்றுதான் எழுதியிருந்தேன். கூறுவதையும் காதால் கேட்கலாம், ஆகவே அதுவும் கவனிக்கத்தக்க செயலே. ஆனால் சிலர் 'பகுதி பெரிசுன்னா பின்னம் சின்னது' என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, 7/8, 3/4 இணையில் 3/4-ஐ வட்டமிட்டனர். அதனால்தான் பட்டையைச் சேர்த்தேன்.

அந்த 7/8, 3/4 வினாவை நான்தான் ஆர்வத்தில் சேர்த்திருந்தேன். தொகுதியும் வேறு, பகுதியும் வேறு. என் நோக்கம் கேட்டது அதுவல்ல. எனவே மதிப்பெண் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. அடுத்த பாடவேளைக்குத் தனி நோக்கமாக, '3/4-ஐ எட்டில் பாகங்களாக மாற்றி 7/8-உடன் ஒப்பிடுவர்' என்று எழுதினேன். அதே பட்டைகளையே மறுபடியும் பயன்படுத்தினோம்.