புள்ளி தொலைந்த பெயரும் ஒரு மாநாட்டு முன்மொழிவும்

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நடக்கும் பைத்தான் மாநாடுகளுக்கு ஜொகூரிலிருந்து உரை முன்மொழிவு அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன். வந்த முன்மொழிவுகளைப் படித்து மதிப்பெண் போடும் தன்னார்வலர் குழுவிலும் இருந்திருக்கிறேன். அங்கே படிப்பவர்கள் வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒரு படிவத்துக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அந்தச் சில நிமிடங்களில் அவர்கள் தேடுவது ஒன்றே ஒன்று: இவர் சொல்வதைச் சொன்ன நேரத்துக்குள் சொல்லி முடிப்பாரா, கேட்டவர்கள் கையில் ஏதாவது மிஞ்சுமா?

ஸ்கூடாயில் படித்து அங்கேயே மென்பொருள் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தம்முடைய வரைவைக் காட்டினார். தலைப்பு, ‘தமிழ்க் கணிமை: சவால்களும் வாய்ப்புகளும்’. சுருக்கத்தில் தமிழின் தொன்மை, உலகத் தமிழர் தொகை, தொழில்நுட்பத்தின் வளர்ச்சி எல்லாம் இருந்தன. அவர் என்ன செய்தார் என்பது மட்டும் இல்லை. “நீங்க உண்மையிலே என்ன பிரச்சினையைத் தீர்த்தீங்க தம்பி?” என்று கேட்டேன். “பள்ளி அடையாள அட்டையிலே பிள்ளைங்க பேரு பாதியிலே வெட்டுப்பட்டுச்சு அண்ணா, அதைச் சரிபண்ணேன்” என்றார். அவருடைய உரை அதுதான்.

கார்த்திகேயன் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நாம் எண்ணினால் ஏழு எழுத்து. கணினி அப்படி எண்ணுவதில்லை. உயிர்மெய்க் குறியையும் மெய்யின் புள்ளியையும் அது தனித்தனியாகவே வைத்திருக்கிறது.

```python
import regex
name = "கார்த்திகேயன்"
len(name)                        # 13
len(regex.findall(r"\X", name))  # 7
name[:12]                        # கார்த்திகேயன
```

பெயருக்குப் பன்னிரண்டு இடம் ஒதுக்கிய அட்டையில் கடைசிப் புள்ளி விழுந்துவிடுகிறது. பதின்மூன்றாவதாக இருந்தது அந்தப் புள்ளிதான். இதைச் சொன்னால் படிவம் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆனால் நம் ஊர் மாநாட்டில் படிவம் படிப்பவர்களில் பெரும்பாலோர் சீனரும் மலாய்க்காரரும். புள்ளி போனால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் சுருக்கத்தில் தமிழோடு நிற்காமல், தாய்லாந்து எழுத்திலும் இதே போல் உயிர்க்குறிகள் தனியாக எண்ணப்படுவதையும், பல குறிகள் சேர்ந்து ஒரே படமாகத் தெரியும் மூவர் குடும்ப இமோஜியின் நீளம் பைத்தானில் 5 என்று வருவதையும் ஒரு வாக்கியமாகச் சேர்க்கச் சொன்னேன். இமோஜியைத் தங்கள் செயலியில் கையாளாதவர்கள் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தால் தமிழ் அறியாதவருக்கும் இது தம் வேலையைத் தொடும் பேச்சாகிவிட்டது.

படிவம் ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டியிருந்தது. புதிய சுருக்கத்தின் பொருளைத் தமிழில் தருகிறேன்: ‘பெயர்களை வெட்டும், தேடும், எண்ணும் நிரல்கள் ஆங்கிலத்துக்குச் சரியாக ஓடி, தமிழில் எழுத்துகளை உடைக்கின்றன. ஒரு பள்ளி அடையாள அட்டைத் திட்டத்தில் இது எப்படி வெளிப்பட்டது, எப்படிச் சரிசெய்தோம் என்பதைக் காட்டுகிறேன். பைத்தானில் சரங்களைக் கையாளத் தெரிந்தவர்களுக்கானது; தமிழ் தெரியவேண்டியதில்லை.’ மூன்றே வாக்கியம். பிரச்சினை, காட்டப்போவது, யாருக்கு. தலைப்பும் மாறியது: ‘உங்கள் தரவுத்தளம் ஏன் தமிழ்ப் பெயர்களை வெட்டுகிறது?’

கேட்பவர்களுக்கு என்ன கிடைக்கும் என்ற பகுதியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ‘யுனிகோட் பற்றிய புரிதல் பெறுவார்கள்’ என்று எழுதினால் அது நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்லமுடியாது. வீட்டுக்குப் போனதும் அவர் செய்து பார்க்கக்கூடிய காரியமாக எழுதவேண்டும். நாங்கள் மூன்றே வைத்தோம். `len()` எங்கே பொய்யான எண்ணிக்கை தருகிறது என்று தங்கள் நிரலில் கண்டுபிடிப்பார்கள். `regex` தொகுப்பின் `\X` கொண்டு எழுத்து உடையாமல் வெட்டுவார்கள். ஒரே சொல் இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டுத் தேடலில் தப்பிப்போவதை நிறுத்துவார்கள்.

மூன்றாவதற்கு எடுத்துக்காட்டு எங்கள் மாநிலத்தின் பெயரிலேயே இருக்கிறது. ஜொகூர் என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம்; முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். முதல் வகையில் `len()` 6, இரண்டாவதில் 7. தேடினால் ஒன்று மற்றதைக் கண்டுகொள்ளாது. `unicodedata.normalize("NFC", s)` என்று இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட்டால் சரியாகிவிடும். இதை விளக்கக் குறிப்பில் விரிவாக எழுதச் சொன்னேன். உரையாளருக்கு விஷயம் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எதைத் தீர்க்க முடியாது என்பதையும் எழுதுங்கள். ஸ்ரீ என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து. `\X` அதை இரண்டாக எண்ணும். இந்த எல்லையைத் தாமாகச் சொன்ன முன்மொழிவுகளுக்கு நான் கூடுதல் மதிப்பெண் போட்டிருக்கிறேன். கேள்வி நேரத்தில் யாராவது இதைக் கேட்டால் இவர் திணறமாட்டார் என்ற நம்பிக்கை அதில் வருகிறது.

தம்மைப் பற்றிய குறிப்பு நீளமாக இருக்கவேண்டியதில்லை. பட்டங்களையும் வாங்கிய விருதுகளையும் அடுக்குவதைவிட, இந்தத் தலைப்பைப் பேச இவருக்கு என்ன தகுதி என்பது ஒரு வரியில் தெரிந்தால் போதும். தம்பியின் குறிப்பில் நின்றவை இவை: ஜொகூரில் மென்பொருள் பொறியாளர், தமிழ்ப் பெயர்களைக் கையாளும் அடையாள அட்டை நிரலை எழுதிப் பராமரிக்கிறார், முன்பு ஊர்ப் பயனர் சந்திப்புகளில் பேசியிருக்கிறார். படர்க்கையில் எழுதியது காரணத்தோடுதான். மேடையில் அறிமுகம் செய்பவர் அதை அப்படியே வாசிப்பார். பெயரை எப்படி உச்சரிப்பது என்றும் சேர்த்துவிட்டால் அவருக்குச் சிரமம் இல்லை. சில மாநாடுகளில் முதல் சுற்றில் பெயரை மறைத்துவிட்டுப் படிக்கிறார்கள். அங்கே சுருக்கத்துக்குள் நிறுவனப் பெயரோ சொந்தப் பெயரோ வரக்கூடாது. அதற்கான இடம் தன்குறிப்பு மட்டுமே.

பல மாநாடுகள் பயன்படுத்தும் pretalx படிவத்தில் Abstract, Description என்ற கட்டங்களுக்குப் பிறகு Notes என்று ஒன்று உண்டு. அது அமைப்பாளருக்கு மட்டும், வெளியில் வராது. பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். நாங்கள் அதில் நேரப் பங்கீட்டை எழுதினோம். 25 நிமிடத்தில் வெட்டுப்பட்ட அட்டைக்கு 4, எழுத்துகள் சேமிக்கப்படும் விதத்துக்கு 6, நிரலுக்கு 8, எல்லைகளுக்கு 4, கேள்விகளுக்கு 3. இணையம் இல்லாமலும் நடத்தமுடியும் என்றும் சேர்த்தோம். சிங்கப்பூர் மாநாடு என்றால் காலை முதல் உரையாக வைக்கவேண்டாம் என்றும் அதில் கேட்டுக்கொள்ளலாம். விடுமுறை நாளில் பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஜொகூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அமைப்பாளருக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

pretalx படிவத்தைக் கெடு முடியும்வரை திருத்தலாம். ஆகவே கடைசி இரவுக்கு வைக்காமல் முன்னதாக அனுப்பிவிடுங்கள். பிறகு தமிழ் தெரியாத உடன் வேலை செய்பவர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்விக்கு விடை படிவத்தில் இல்லையென்றால், அன்றைக்கே உள்ளே போய் அதை எழுதிச் சேர்த்துவிடுங்கள்.