அம்மாவுக்கு எந்த வாசனை?

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, அல்சைமர் நோய். சாயங்காலமானால் பதற்றப்படுகிறார். வாசனை எண்ணெய் மெஷின் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அல்சைமரில் மோப்ப சக்தி ஆரம்பத்திலேயே குறையும். அவருக்குத் தெரியவில்லையே என்று நாம் எண்ணெயைக் கூட்டிவிடுவோம். வாசனை தெரியாவிட்டாலும் அந்த ஆவி மூச்சுக்குழாயை உறுத்தும். ஆஸ்துமா இருந்தால் இழுப்பே வரலாம். லாவெண்டர் எண்ணெய் பதற்றத்தைத் தணிக்கும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை.

பழகிய வாசனையே மேல். பதற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, உதிரி மல்லிகையும் வாழைநாரும் கொடுத்துத் தொடுக்கச் சொல்லுங்கள். மனம் மறந்தாலும் விரல்கள் பல நேரம் மறப்பதில்லை. பூவை வாயில் போட்டுக்கொள்ளாதபடி பக்கத்திலேயே உட்காருங்கள். கால் மணி நேரம் போதும். கூடவே ஊதுபத்தி வேண்டாம். முகத்தைத் திருப்பினாலோ, மூக்கைத் தேய்த்தாலோ, கண் கலங்கினாலோ பூவை எடுத்துவிடுங்கள். எல்லா நினைவும் இனிமையானதல்ல.

நான் அதிகம் பயப்படுவது பூஜையறைக் கற்பூரத்துக்குத்தான். வெள்ளை வில்லையை மிட்டாய் என்று விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். நீலகிரித் தைலமும் அப்படியே. இரண்டையும் இன்றே பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.