பரீட்சைக் காலத்தில் பிள்ளைக்கு என்ன எழுதலாம்?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது, மாலை வகுப்பு நடக்கும் இடத்திலோ வீட்டுச் சுவரிலோ பிள்ளைகளுக்கு நீங்கள் ஒரு குறிப்பு எழுதி ஒட்ட விரும்பலாம். அதை எப்படி எழுதுவது என்று பார்ப்போம். இது ஒரு மாதிரி:

“இரவில் உறக்கம் வராவிட்டால் அது மனநோய். தினமும் மூச்சுப் பயிற்சி செய்தால் பயம் முற்றாக நீங்கும்.”

இதில் இரண்டு பிழைகள் உள்ளன. பரீட்சைக்கு முன் உறக்கம் குறைவது பலருக்கும் நடப்பது. அதற்கு நோய்ப் பெயர் வைத்தால் பிள்ளைக்குப் பரீட்சைப் பயத்தோடு நோய்ப் பயமும் சேரும். நோயா இல்லையா என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். அடுத்தது, “முற்றாக நீங்கும்” என்ற வாக்கு. பயிற்சி செய்தும் பயம் போகாத பிள்ளை, “என்னில்தான் ஏதோ குறை” என்று நினைத்துவிடும்.

அதையே இப்படி எழுதலாம்:

“பரீட்சை வரும்போது சிலருக்கு நெஞ்சு படபடக்கும், உறக்கம் குறையும். மெதுவாக மூச்சை உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விட்டுப் பாருங்கள். சிலருக்கு இது ஆறுதல் தரும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். உதவாவிட்டால் உங்கள்மேல் பிழையில்லை. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள்.”

பிள்ளையோடு பேசும்போதும் இதே முறைதான். கண்டதை மட்டும் சொல்லிக் கேளுங்கள்: “மனே, ரெண்டு நாளா நீ சரியா உறங்கல்ல போல. எது கஷ்டமா இருக்கு?”

பதிலைக் கவனமாகக் கேளுங்கள். இடம்பெயர்ந்து திரும்பிய பிள்ளையின் பயத்துக்குப் பல வேளை கண்முன்னே காரணம் இருக்கும். கொப்பிகள் தொலைந்திருக்கும், சில பாடங்கள் தவறியிருக்கும், அடையாள அட்டை இல்லாதிருக்கும். இவற்றுக்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. அடையாள அட்டை பற்றி அதிபரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் முன்கூட்டியே கேளுங்கள். தவறிய பாடக் குறிப்புகளை வகுப்பு நண்பரிடம் வாங்கிப் பிரதி எடுக்கலாம். படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து பரீட்சை நிலையம் செல்ல வேண்டியிருந்தால், ஒருநாள் முன்னதாகப் போய்ப் படகு நேரத்தையும் வழியையும் பார்த்து வாருங்கள்.

குறிப்பின் கடைசியில் உதவி கிடைக்கும் இடத்தை எழுதுங்கள். இரண்டு வாரமாக உறக்கமோ சாப்பாடோ சரியில்லை, பாடசாலைக்குப் போக மறுக்கிறது, யாரோடும் பேசுவதில்லை என்றால் அருகிலுள்ள வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

“நான் இருந்து என்ன பயன்” என்று பிள்ளை சொன்னால் இரண்டு வாரம் பார்த்திருக்க வேண்டாம். தனியே விடாமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.