ஒரே உடலில் இரண்டு மாத்திரை: இடையில் எத்தனை நாள் இடைவெளி?

மாதந்தோறும் வாங்கும் இரத்த அழுத்த மாத்திரை திடீரென்று வேறு நிறப் பெட்டியில் வந்தால் பலருக்கும் ஐயம் எழும். "உள்ளே இருப்பது அதே மருந்துதான்" என்பார் மருந்தாளர். எதை வைத்து அப்படிச் சொல்கிறார்? பொதுவாக, இத்தகைய ஜெனரிக் மாத்திரை விற்பனைக்கு வருமுன் மூல மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்படுகிறது. அதற்குப் பெரும்பாலும் கையாளப்படுவது ‘கிராஸ்ஓவர்’ எனும் மாற்றுமுறை ஆய்வு.

ஒரே மாத்திரையை இருவர் விழுங்கினாலும் இரத்தத்தில் சேரும் அளவு ஒன்றாக இருப்பதில்லை. வயது, எடை, கல்லீரலின் வேகம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் இந்த ஆய்வில் ஒருவரே இரண்டு மாத்திரைகளையும் வெவ்வேறு சுற்றில் சாப்பிடுகிறார். பாதிப் பேர் முதலில் மூல மாத்திரையும் பிறகு ஜெனரிக்கும் எடுப்பார்கள்; மீதிப் பேருக்கு வரிசை தலைகீழ். யாருக்கு எந்த வரிசை என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடாக இருப்பதால், குறைந்த ஆட்களே போதும்.

ஆனால் முதல் மாத்திரை உடலில் மிச்சமிருக்கும்போதே இரண்டாவதைக் கொடுத்தால், எதை அளக்கிறோம் என்பது குழம்பிவிடும். இந்த மிச்சத்தின் தாக்கமே ‘கேரிஓவர்’ எனப்படும் எச்ச விளைவு. அதைத் தவிர்க்க இரு சுற்றுகளுக்கும் நடுவில் விடும் மருந்தில்லா நாட்களே ‘வாஷ்அவுட்’ காலம்.

அது எத்தனை நாள்? இரத்தத்திலுள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம் அதன் அரை ஆயுள். அம்லோடிபின் எனும் இரத்த அழுத்த மருந்துக்கு இது 30 முதல் 50 மணி நேரம். ஒவ்வோர் அரை ஆயுளிலும் 100 என்பது 50, 25, 12.5, 6.25, பிறகு சுமார் 3 என்று இறங்கும். ஆகவே குறைந்தது ஐந்து அரை ஆயுள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. 50 மணியை ஐந்தால் பெருக்கினால் 250 மணி, அதாவது பத்தரை நாள். இரண்டு வாரம் விட்டால் கவலையில்லை.

அவசரப்பட்டு 100 மணி நேரம், அதாவது இரண்டு அரை ஆயுள் மட்டும் விட்டால் என்ன ஆகும்? மூல மாத்திரை இரத்தத்தில் 100 அலகு உச்சம் தருகிறது, ஜெனரிக் 75 மட்டுமே தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் குழுவில் மூல மாத்திரையின் மிச்சம் 25. அதனால் ஜெனரிக்கின் அளவு 75 அல்ல, 100 என்று தெரியும். மறு குழுவில் ஜெனரிக்கின் மிச்சம் சுமார் 19. மூல மாத்திரை 119 என்று தெரியும். இரு குழுக்களின் சராசரியை எடுத்தால் ஜெனரிக் 87.5, மூலம் ஏறக்குறைய 109.4. விகிதம் 80 விழுக்காடு! ஏற்கப்படும் எல்லை 80 முதல் 125 விழுக்காடு. உண்மையில் 75இல் நிற்கும் மாத்திரை, எச்சத்தின் தயவில் எல்லைக்கோட்டைத் தொட்டுவிடுகிறது. எச்சம் இரண்டையும் ஒன்றுபோலக் காட்டும் என்பதே இதிலுள்ள ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்க நேரான வழி உண்டு. இரண்டாம் சுற்றில் மாத்திரை கொடுக்குமுன் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதிலுள்ள மருந்து, அந்தச் சுற்றில் அவருக்குப் பின்னர் வரும் உச்ச அளவில் 5 விழுக்காட்டைத் தாண்டினால், அவருடைய அந்தச் சுற்றின் அளவுகள் கணக்கில் சேர்க்கப்படா.

வலி, மனநிலை போன்றவற்றை அளக்கும் ஆய்வில் இப்படி ரத்தம் எடுத்துப் பார்த்து மட்டும் முடிவு செய்ய இயலாது. மருந்து போன பிறகும் அதன் பலன் நீடிக்கலாம். முன்பு, முடிவுகள் வந்தபின் எச்ச விளைவு உண்டா என்று புள்ளியியல் சோதனை செய்து, அதற்கேற்பக் கணக்கிடுவது வழக்கம். அந்தச் சோதனை ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சிக்கி எச்சத்தை எளிதில் தவறவிடும். அதை நம்பி முடிவெடுப்பது தவறான விடையைத் தரும் என்று 1989இல் ஃப்ரீமன் காட்டினார். ஆகவே இடைவெளியை ஆய்வு தொடங்குமுன்பே சரியாகத் திட்டமிட வேண்டும்.

எல்லா ஆய்வுக்கும் இந்த முறை ஒத்துவராது. நோய் நிலையாக இருக்க வேண்டும்; மருந்தை நிறுத்தினால் பழைய நிலை திரும்ப வேண்டும். ஆஸ்துமா, நாட்பட்ட இரத்த அழுத்தம் பொருந்தும். ஆன்டிபயாட்டிக்கால் தொற்று குணமாகிவிட்டால் இரண்டாம் சுற்றில் சோதிக்க நோயே இருக்காது. இதயத் துடிப்புச் சீர்கேட்டுக்குத் தரும் அமியோடரோன் உடலை விட்டு நீங்கவே பல மாதங்கள் ஆகும். அத்தகைய மருந்துகளுக்கு இரண்டு தனித்தனிக் குழுக்களை ஒப்பிடுவதே சரி, கூடுதல் ஆட்கள் தேவைப்பட்டாலும்.

இனி மாற்றுமுறை ஆய்வு பற்றிய செய்தியைப் படித்தால், எத்தனை பேர் என்பதோடு நில்லாமல், நடுவில் எத்தனை நாள் விட்டார்கள், அந்த மருந்தின் அரை ஆயுள் எவ்வளவு என்றும் பாருங்கள். ஒன்றை மற்றதால் வகுத்து ஐந்துக்குக் குறைவாக வந்தால், அந்த முடிவைச் சற்று ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.