சங்கத்துக்குப் பெயர் வைக்கும் முன்: செஸ் கிளப் தொடங்கும் இளையவர்களுக்கு ஆறு அறிவுரைகள்

தம்பி, தங்கைகளே! ஊரில் செஸ் கிளப் தொடங்கப்போகிறீர்கள். காய் நகர்த்தவே தெரியாதவரும் வர வேண்டும், ஃபிடே ரேட்டிங் வைத்திருப்பவரும் வாராவாரம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். பெயர் விஷயத்தில் நான் சொல்வது இவ்வளவுதான்: கிளப்பின் பெயரில் ஆட்டத் தரத்தைச் சொல்லாதீர்கள். தரத்தை அந்தந்த நாள் ஆட்டத்தின் பெயரில் சொல்லுங்கள்.

1. ஊர்ப் பெயரில் தொடங்குங்கள். இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கடலோர ஊர். 1882இல் அங்கே தொடங்கிய கிளப்புக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள். 1895இல் அவர்கள் நடத்திய போட்டிக்கு அன்றைய உலகச் சாம்பியன் லாஸ்கர் வந்தார், முன்னாள் சாம்பியன் ஸ்டெய்னிட்ஸ் வந்தார். அதிகம் அறியப்படாத இளைஞரான பில்ஸ்பரி வென்றார். அதன் பிறகு ஹேஸ்டிங்ஸ் என்றாலே ஆட்டக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பெயருக்குக் கனம் கொடுத்தவை அங்கே நடந்த ஆட்டங்கள். ஊர்ப் பெயர் புதியவரை மிரட்டாது. நல்ல ஆட்டங்கள் நடக்க நடக்க, தேர்ந்தவரும் அதை மதிப்பார்.

2. 'கிராண்ட்மாஸ்டர்', 'மாஸ்டர்ஸ்', 'எலைட்' என்ற சொற்களைத் தவிருங்கள். கிராண்ட்மாஸ்டர் என்பது ஃபிடே வழங்கும் பட்டம். அந்தப் பட்டக்காரர் ஒருவரும் வராத கிளப்பில் அந்தச் சொல் பலகையில் இருந்தால், விவரம் தெரிந்தவர் முதல் நாளே முகம் சுளிப்பார். விவரம் தெரியாதவரோ, 'நமக்கு இது சரிப்படாது' என்று வாசலிலேயே திரும்பிவிடுவார். ஒரே சொல்லால் இருவரையும் இழப்பீர்கள்.

3. குழந்தைத்தனமான பெயரும் வேண்டாம். 'குட்டி ராஜா', 'லிட்டில் சாம்ப்ஸ்' என்று வைத்தால், நாற்பது வயதில் ஆட்டம் கற்க நினைப்பவர் உள்ளே வரமாட்டார். ரேட்டிங் உள்ள கல்லூரி மாணவரும் வரமாட்டார். 'அகாடமி' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். நம் ஊரில் அது கட்டண வகுப்பைக் குறிக்கிறது. 'என் பையனுக்கு எட்டு வயது, ஃபீஸ் எவ்வளவு?' என்ற கேள்வியே திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் பெயர் வகுப்பு என்று படிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

4. பெரிய ஆட்டக்காரரின் பெயரை வைப்பதானால், பக்கத்தில் 'செஸ் கிளப்' என்று தெளிவாக எழுதுங்கள். சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய தால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடி வளர்ந்தார். 1960இல் உலகப் பட்டம் வென்ற மிகைல் தாலின் பெயர் அது. ஆட்டம் அறிந்தவருக்கு அந்தப் பெயரே அழைப்பு. அறியாதவருக்கு அதில் ஒன்றும் புரியாது. அவருக்கு வழிகாட்டுவது அடுத்த இரண்டு சொற்கள்தான்.

5. 'மாவட்டம்', 'அசோசியேஷன்' இரண்டையும் விட்டுவிடுங்கள். மாவட்ட அணித் தேர்வு மாநிலச் சங்கத்தோடு இணைந்த மாவட்டச் சங்கங்களின் வேலை. உங்கள் பெயர் அதைப் போல ஒலித்தால், தேர்வுப் போட்டி எப்போது என்று பெற்றோர் உங்களிடம் வந்து கேட்பார்கள். விளக்கம் சொல்லியே மாலை போய்விடும்.

6. இனி தரத்தைச் சொல்லும் இடத்துக்கு வருவோம். கும்பகோணத்தில் ஒரு நூலக அறையில் தொடங்குகிறீர்கள் என்று வையுங்கள். பெயர்ப் பலகையில் 'கும்பகோணம் செஸ் கிளப்'. கீழே சிறிய எழுத்தில் இரண்டு வரி: 'ஞாயிறு காலை: முதல் பலகை. ஆட்டம் தெரியாதவரும் வரலாம், எந்த வயதும்.' 'சனி மாலை: கடிகார ஆட்டம். ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 வினாடி கூடுதல், நகர்த்தல்களை எழுத வேண்டும்.' முதல் வரி புதியவரின் கூச்சத்தைப் போக்கும். இரண்டாவதில் இருக்கும் நேரக் கணக்கைப் பார்த்ததுமே, இங்கே ஒழுங்காக ஆடுகிறார்கள் என்று தேர்ந்தவருக்குப் புரிந்துவிடும். 'சீரியஸ்' என்று எங்கும் எழுதத் தேவையில்லை.

பலகை எழுதக் கொடுக்கும் முன் பெயரை இருவரிடம் காட்டுங்கள்: ஒருவர் செஸ் தெரியாத பக்கத்துக் கடைக்காரர், மற்றவர் போட்டிகளுக்குப் போய்வருபவர். 'இங்கே யார் வருவார்கள்? நீங்கள் போவீர்களா?' என்று மட்டும் கேளுங்கள். இருவரும் 'போவேன்' என்றால் அந்தப் பெயரை வையுங்கள். ஒருவர் தயங்கினாலும் எந்தச் சொல் தடுத்தது என்று கேட்டு, அதை எடுத்துவிடுங்கள். திறந்த பிறகு தேர்ந்தவர் ஒரு சனிக்கிழமை வந்துவிட்டு மறுபடி வராமல் போனால் பெயரை மாற்றப் போகாதீர்கள். அவருக்கு ஈடான எதிராளி கிடைக்கவில்லை என்று அர்த்தம். அடுத்த சனிக்கிழமைக்கு அவர் தரத்தில் இன்னொருவரை அழைத்து வாருங்கள்.