நன்றி மடலில் ஒரு செய்தி

நுழையும்முன்

நேர்காணல் முடிந்து வெளியே வந்தபின்தான் சில விடைகள் முழுமையாக நினைவுக்கு வருகின்றன. அவற்றைக் கூற இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. நேர்கண்டவருக்கு ஒரு நாளுக்குள் அனுப்பும் நன்றி மின்னஞ்சலே அவ்வாய்ப்பு.

புதுச்சேரி முதலியார்பேட்டையில் வாழும் வணிகவியல் பட்டதாரி ஒருவர், துணி நிறுவனம் ஒன்றின் கிடங்குக் கணக்கர் பணிக்கான நேர்காணலுக்குச் சென்றதாகக் கொள்வோம். "பேரேட்டில் 150 துணிச்சுருள்கள் உள்ளன, கிடங்கில் 140தான் இருக்கின்றன. என்ன செய்வீர்கள்?" என்று அவரிடம் வினவினர். "மீண்டும் எண்ணுவேன்" என்றார் அவர். வீடு திரும்பும்போதுதான் தம் விடை பாதியே என்பது அவருக்கு விளங்கியது. அன்று மாலையே அவர் எழுதிய மடல் இது:

பொருள்: கிடங்குக் கணக்கர் நேர்காணல் – நன்றி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இன்று காலை என்னுடன் உரையாட நேரம் ஒதுக்கியமைக்கு நன்றி. இருப்புக் குறைவு பற்றிய வினாவிற்கு, மீண்டும் எண்ணுவேன் என்று மட்டும் கூறினேன். எண்ணிக்கை மாறவில்லையெனில், கடைசியாக இருப்புச் சரிபார்த்த நாள்முதல் உள்ள வழங்கல் சீட்டுகளைப் பேரேட்டுடன் ஒப்பிட்டு, பதியாமல் விடுபட்டவற்றைத் தேடுவேன். தாங்கள் கேட்ட கணினிக் கணக்கியல் சான்றிதழை இணைத்துள்ளேன். மாத இறுதி இருப்பெடுப்பைப் பற்றித் தாங்கள் விளக்கியபின், இப்பணியில் சேரும் விருப்பம் மிகுந்துள்ளது.

இங்ஙனம்,
(பெயர், கைப்பேசி எண்)

இம்மடலில் நன்றி ஒரே தொடரில் முடிகிறது. அடுத்து வருவது குறைவிடையின் நிறைவு. அதில் மன்னிப்பும் சாக்கும் இல்லை. செய்யும் முறை மட்டுமே உள்ளது. பின்னர், கேட்ட சான்றிதழ் வந்து சேர்கிறது. இறுதியில் கூறப்படும் விருப்பமும் அன்றைய உரையாடலிலிருந்தே பிறக்கிறது. நிறுவனத்தின் பெயரை மாற்றி வேறோர் இடத்திற்கு இம்மடலை அனுப்ப இயலாது. நல்ல நன்றி மடலை அறியும் சோதனை இதுவே.

ஒரு நாள் என்னும் எல்லைக்கும் காரணம் உண்டு. நேர்கண்டவர் பலரைச் சந்தித்திருப்பார். ஒருவரின் விடை மற்றொருவரின் விடையோடு விரைவில் கலந்துவிடும். முடிவு எழுதப்பட்டபின் வரும் விளக்கத்தால் பயனும் இல்லை.

ஊதியம் கேட்பதும், முடிவை உடனே கூறுமாறு வற்புறுத்துவதும் இம்மடலில் கூடா. எல்லா விடைகளையும் திருத்த முற்பட்டால் எதுவுமே தெரியாதவர் என்னும் எண்ணம் தோன்றும். ஆகவே ஒன்றைத் தேர்ந்து திருத்துக. இணைப்பு உள்ளது என எழுதிவிட்டு இணைக்க மறப்பதும், நேர்கண்டவரின் பெயரைப் பிழையாக எழுதுவதும் கணக்கர் பணிக்கு விண்ணப்பிப்பவரின் கவனக்குறைவையே காட்டும்.

இவ்வழக்கம் தனியார் நிறுவனங்களுக்கே பொருந்தும். அரசுப் பணித் தேர்வுகளில் தேர்வுக்குழுவினருக்குத் தனியே மடல் அனுப்புவது பரிந்துரை தேடுவதாகக் கருதப்பட்டுத் தகுதியிழப்புக்கும் இடமளிக்கலாம்.

கற்பவை கற்றபின்

நூலக உதவியாளர் பணிக்கான நேர்காணலில், "தொலைந்த நூலை எவ்வாறு கண்டறிவீர்?" என்னும் வினாவிற்கு நீங்கள் பாதி விடையே அளித்ததாகக் கொண்டு, ஐந்து தொடர்களில் நன்றி மின்னஞ்சல் ஒன்று எழுதுக.